நான்காம் மாடி பிரேக்கரும் 'ஸ்பேர்' என்று எழுதியிருந்த சுவிட்சும்: ஒரு எஸ்எல்டி வாசிப்பு

பெங்களூரு அல்சூரில் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி கொண்ட ஒரு அலுவலகக் கட்டடம். அதன் நான்காம் மாடி மின் பேனலில் இன்கமராக, அதாவது மின்சாரம் உள்ளே வரும் பிரேக்கராக, இருக்கும் 160 ஆம்பியர் எம்சிசிபியின் மேல் முனை ஒன்று கருகத் தொடங்கியிருந்தது. தெர்மல் கேமராவில் ஆர், பி இரண்டு ஃபேஸும் 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தன. ஒய் ஃபேஸ் மட்டும் 96 டிகிரி. மூன்றிலும் ஓடிய கரண்ட் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் சூட்டுக்குக் காரணம் லோடு அல்ல, இணைப்பு. கேபிள் நுனியில் உள்ள லக்கை இறுக்கிவிட்டுப் போகலாம் என்றால் பிரேக்கரின் பிளாஸ்டிக் உடலே பழுத்துப் பழுப்பேறியிருந்தது. பிரேக்கரையே மாற்ற வேண்டும்.

மாற்றுவது இரண்டு மணி நேர வேலை. எதையெல்லாம் அணைத்தால் அந்த இடத்தில் கை வைக்கலாம் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதற்குக் கட்டடத்தின் எஸ்எல்டியை, அதாவது சிங்கிள் லைன் டயகிராமை, எப்படி வாசித்தோம், அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

பிரேக்கரை ஆஃப் செய்தால் அதன் கீழ்ப்பக்கம்தான் சாகும். மேல் முனைகளில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். எனவே மாற்றப்போகும் பிரேக்கரை அணைப்பது போதாது, அதற்கு மேலே இருப்பதை அணைக்க வேண்டும். இது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். கீழ்ப்பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரலாம் என்பதைத்தான் பலர் படத்தில் தேடுவதில்லை. ஏரியிலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று தண்ணீர் ஒரே திசையில் போகும். மடையை அடைத்தால் வயல் காயும். எஸ்எல்டியையும் பெரும்பாலோர் அப்படித்தான் மேலிருந்து கீழாக வாசிக்கிறார்கள். ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் உள்ள கட்டடத்தில் அந்த வாசிப்பு பாதிதான்.

படம் பேஸ்மென்ட்டில், மெயின் எல்டி பேனலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. என்னோடு வந்த மூத்த எலக்ட்ரீஷியன் தர்மபுரிக்காரர். இந்தக் கட்டடத்தின் வயரிங் நடந்தபோதே இங்கே இருந்தவர். படத்தைப் பார்த்ததும் விரலை நேராக நான்காம் மாடிக் கட்டத்தில் வைத்தார். "இதுக்கு மேல டேப் ஆஃப் பாக்ஸ்ல ஒரு பிரேக்கர் இருக்கு தம்பி. அதை இறக்கிட்டா போதும்."

"முதல்ல இந்த மூலையைப் பாத்துடுவோம்ணே" என்றேன்.

எந்த எஸ்எல்டியிலும் நான் முதலில் பார்ப்பது வலது கீழ் மூலையில் இருக்கும் திருத்தப் பட்டியல். கடைசித் திருத்தம் 2017. நான்காம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இப்போது இருக்கும் நிறுவனம் அதற்குப் பிறகுதான் குடிவந்தது. உள் அலங்கார வேலையோடு மின் வேலையும் அவர்கள் வைத்த ஒப்பந்தக்காரர் செய்தார். ஆகவே படத்தை இரண்டாகப் பிரித்து நம்ப வேண்டியிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து மாடி பேனல் வரையான பகுதியைக் கட்டட உரிமையாளர் தரப்பு பராமரிக்கிறது, மாறியிருக்க வாய்ப்பு குறைவு. மாடி பேனலுக்குக் கீழே உள்ள பகுதியோ குடிவந்தவர் கை வைத்த இடம். அங்கே படம் சொல்வது ஒரு தகவல் மட்டுமே. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மேல் பகுதியை வாசிப்போம். படத்தின் உச்சியில் நகரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 11 கிலோவோல்ட் கேபிள் வந்து இறங்குகிறது. ஆர்எம்யூ எனும் உயரழுத்த சுவிட்ச் தொகுதி, மீட்டரிங் க்யூபிக்கிள், பிறகு ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வட்டங்கள்: அதுதான் ட்ரான்ஸ்ஃபார்மர். பக்கத்தில் 500 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்து கீழே இறங்கும் கோடு ஏசிபி எனும் 800 ஆம்பியர் பெரிய பிரேக்கர் ஒன்றின் வழியாக ஒரு தடித்த கிடைக்கோட்டில் சேர்கிறது. தடித்த கிடைக்கோடு என்றால் பஸ்பார், பல கிளைகளுக்கு மின்சாரம் பிரியும் உலோகப் பட்டை.

கோடு ஒன்றுதான், ஆனால் அது மூன்று ஃபேஸ். பல படங்களில் நியூட்ரலும் அதே கோட்டுக்குள் அடங்கிவிடும். நியூட்ரலும் சேர்ந்து துண்டிக்கப்படுகிறதா என்பதை பிரேக்கர் அருகே உள்ள '3 போல்', '4 போல்' என்ற சிறு குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். பிரேக்கர் குறியில் பெருக்கல் அடையாளம் இருந்தால் அது குறுக்குச்சுற்றைத் துண்டிக்கக்கூடிய பிரேக்கர். அந்த இடத்தில் சிறு குறுக்குக்கோடு மட்டும் இருந்தால் அது வெறும் ஐசொலேட்டர், லோடு ஓடும்போது அதைத் திறக்கக்கூடாது. பழைய படங்களில் வரைந்தவர் வசதிப்படி இந்தக் குறிகள் மாறும். குறி விளக்கப் பெட்டி படத்திலேயே இருந்தால் அதையே நம்ப வேண்டும்.

பஸ்பார் இந்தப் படத்தில் ஒன்றல்ல, இரண்டு. இடப்பக்கம் ஏ பஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் இன்கமர் அதில் சேர்கிறது. மொட்டைமாடி ஏசி யூனிட்டுகள் போன்ற பெரிய லோடுகள் அதில் தொங்குகின்றன. வலப்பக்கம் பி பஸ். இரண்டுக்கும் நடுவே பஸ் கப்ளர் என்று ஒரு ஏசிபி. பி பஸ்ஸில் மேலிருந்து இன்னொரு கோடு வந்து சேர்கிறது, அதன் தலையில் ஜி என்று எழுதிய வட்டம்: 320 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், 630 ஆம்பியர் பிரேக்கர் வழியாக. பி பஸ்ஸிலிருந்து லிஃப்ட், பொது விளக்குகள், பிறகு 400 ஆம்பியர் எம்சிசிபி வழியாக, மாடிகளுக்கு ஏறும் பொதுப் பாதையான ரைசிங் மெயின். ஐந்து மாடிகளும் இந்த ஒரே ரைசிங் மெயினில் ஆளுக்கொரு டேப் ஆஃப் பாக்ஸ் வழியாகத் தொங்குகின்றன.

கப்ளர் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு ஜெனரேட்டர் பிரேக்கர் வரை போகிறது. புள்ளிக்கோடு மின்சாரம் போகும் பாதை அல்ல, இன்டர்லாக். கப்ளரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் மூடியிருக்கக்கூடாது என்று பொருள். பெஸ்காம் மின்சாரம் இருக்கும்போது இன்கமர் மூடி, கப்ளர் மூடி, ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்து. மின்வெட்டு வந்தால் இன்கமரும் கப்ளரும் திறந்துகொண்டு, ஜெனரேட்டர் கிளம்பி அதன் பிரேக்கர் மூடும். பி பஸ்ஸுக்கு மட்டும் உயிர் வரும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இதே கட்டடத்தில் முன்பு ஒருவர் 'மொத்தக் கட்டடத்தையும் அணைத்துவிட்டு வேலை செய்வோம், பாதுகாப்பு' என்று சொன்னதாக மேலாளர் சொன்னார். ட்ரான்ஸ்ஃபார்மர் இன்கமரை மட்டும் இறக்கினால் என்ன நடக்கும் என்று படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஏ பஸ் சாகும். கப்ளர் வழியாக பி பஸ்ஸும் சாகும். ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பேனல் இந்த இரண்டும் செத்ததைத்தான் பார்க்கும். பெஸ்காம் போய்விட்டது என்று முடிவு செய்து, சில நொடிகளில் ஜெனரேட்டரைக் கிளப்பி பி பஸ்ஸுக்கு மின்சாரம் கொடுத்துவிடும். ரைசிங் மெயின் பி பஸ்ஸில்தான் இருக்கிறது. அதாவது நான்காம் மாடி பிரேக்கரின் மேல் முனையில் ஸ்பேனர் வைத்துக்கொண்டிருப்பவருக்கு மறுபடி 415 வோல்ட் வரும். கோட்டைப் பின்தொடரும்போது முதலில் கண்ணில் படும் மின்மூலத்தோடு நிறுத்திவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆக, மேல்பக்கத்துக்கு எதை இறக்குவது? ரைசிங் மெயினின் 400 ஆம்பியர் பிரேக்கரை இறக்கினால் பெஸ்காம், ஜெனரேட்டர் இரண்டுமே அடைபடும். ஆனால் ஐந்து மாடியும் இருளும். மூன்றாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருப்பார்கள். நான்காம் மாடி டேப் ஆஃப் பாக்ஸில் உள்ள 160 ஆம்பியர் பிரேக்கரை இறக்கினால் அந்த மாடி மட்டும் போகும். மேலே எந்த மூலம் உயிரோடிருந்தாலும் அதைத் தாண்டி வராது. அண்ணன் விரல் வைத்த இடம் சரியானதே.

படத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டோம்: புதிய பிரேக்கருக்கு என்ன துண்டிக்கும் திறன் வேண்டும் என்பது. 500 கேவிஏவை 1.732 × 433 ஆல் வகுத்தால் முழு லோடு கரண்ட் ஏறக்குறைய 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்பதால் ட்ரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே ஷார்ட் ஆனால் 667 ÷ 0.045, அதாவது 15 கிலோஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. நான்காம் மாடிக்கு வருவதற்குள் கேபிளும் பஸ்பாரும் அதை இன்னும் குறைத்துவிடும். பழைய பிரேக்கரில் 25 கிலோஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அதே திறனுள்ள இன்னொன்று போதும். கடைக்காரர் கையிலிருந்த 10 கிலோஆம்பியர் பிரேக்கரைத் தள்ளிவிடப் பார்த்தார், விலையும் குறைவு. மறுத்துவிட்டோம். டேப் ஆஃப் வரை ஷார்ட் கரண்ட் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடாமல் அதை எடுக்க முடியாது.

இனி கீழ்ப்பக்கம்.

படத்தில் நான்காம் மாடிப் பேனலின் கட்டத்தில் இன்கமருக்குக் கீழே லைட்டிங் டிபி எனும் விநியோகப் பெட்டி, பவர் டிபி, பேன்ட்ரி, ஏசி இன்டோர் யூனிட்டுகள், 63 ஆம்பியர் வழியாக 30 கேவிஏ யுபிஎஸ், ஒரு ஸ்பேர். யுபிஎஸ்ஸின் சதுரத்துக்குள் ஒரு கோடு போகிறது, ஒரு கோடு வெளியே வருகிறது. வெளியே வரும் கோடு தனிக் கட்டமாக வரைந்த யுபிஎஸ் டிபிக்குப் போகிறது. இதை மட்டும் வாசித்தால் தீர்ப்பு எளிது: டேப் ஆஃபை இறக்கினால் யுபிஎஸ் பேட்டரிக்குப் போகும், பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் சாகும். அவ்வளவுதான்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். நான் கேபிள் எண்ணிக்கையைத்தான் எண்ணுவேன். லேபிள் பொய் சொல்லும், பேனல் கதவில் ஒட்டிய பட்டியல் பொய் சொல்லும், கேபிள் கிளாண்டில் நுழையும் கேபிள் மட்டும் பொய் சொல்லாது. யுபிஎஸ் அறையில் யுபிஎஸ்ஸின் பின்பக்கம் உள்ளே வரும் பெரிய கேபிள்கள் இரண்டு இருந்தன. வெளியே போவது ஒன்று. பேட்டரிக்குப் போவது தனி. படத்தில் உள்ளே வருவது ஒன்றே ஒன்று.

யுபிஎஸ்ஸை அறிந்தவருக்கு இரண்டாவது கேபிள் என்னவாக இருக்கும் என்பது உடனே தோன்றும். ஆன்லைன் யுபிஎஸ்ஸில் இரண்டு வழி உண்டு. ஒன்று ரெக்டிஃபையர் வழி. ஏசியை டிசியாக்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்து, இன்வெர்ட்டர் மூலம் மறுபடி ஏசியாக்கும். இன்னொன்று பைபாஸ், இன்வெர்ட்டருக்கு ஏதாவது ஆனால், அல்லது பேட்டரி தீர்ந்தால், உள்ளே வரும் மின்சாரத்தை நேராகவே லோடுக்கு அனுப்பும். சில யுபிஎஸ்ஸில் இரண்டும் ஒரே கேபிளில் வரும். சிலவற்றில் தனித்தனி. தனித்தனி என்றால் அவை வேறு வேறு பேனல்களிலிருந்தும் வரலாம்.

நான்காம் மாடிப் பேனலிலிருந்து யுபிஎஸ்ஸுக்குப் புறப்படும் கேபிள் ஒன்றுதான். அப்படியானால் இரண்டாவது எங்கிருந்து? கேபிள் ட்ரேயோடு போனோம். அது எலக்ட்ரிக்கல் ஷாஃப்ட்டுக்குள் நுழைந்து கீழே இறங்கியது. மூன்றாம் மாடியில் வெளியே வந்து அந்த மாடிப் பேனலுக்குள் மறைந்தது. அந்தப் பேனலில் 63 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று ஆன் நிலையில் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பட்டையில் 'ஸ்பேர்'.

கட்டட மேலாளர் பக்கத்தில் நின்றார். "ஸ்பேர்தானே சார், கரண்ட் ஓடுதான்னு மீட்டர் போட்டுப் பாத்துடுங்க. ஓடலைன்னா எதுக்கும் போகலைன்னு அர்த்தம்."

க்ளாம்ப் மீட்டர் போட்டோம். அரை ஆம்பியரைக்கூடத் தொடவில்லை.

இந்தச் சோதனையை நம்பி அந்தப் பிரேக்கர் எதற்கும் போகவில்லை என்று முடிவு கட்டியிருந்தால், இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். யுபிஎஸ் வழக்கமான நிலையில் லோடை இன்வெர்ட்டர் வழியாகத்தான் ஓட்டுகிறது. அப்போது பைபாஸ் கேபிளில் மின்னழுத்தம் இருக்கும், கரண்ட் இருக்காது. ஃபில்டர்கள் இழுக்கும் சொற்பம்தான் மீட்டரில் தெரியும். பைபாஸ் காத்திருக்கும் பாதை. அதில் கரண்ட் ஓடாததே அது சரியாக இருப்பதன் அடையாளம். கரண்ட் இல்லாத பிரேக்கர் தேவையற்ற பிரேக்கர் அல்ல.

அப்படியென்றால் அது யுபிஎஸ்ஸுக்குத்தான் போகிறது என்று எப்படி உறுதி செய்வது? வோல்ட் மீட்டர் உதவாது. இரண்டு மாடியும் ஒரே ரைசிங் மெயினில் இருப்பதால் எங்கே அளந்தாலும் ஒரே அழுத்தம், ஒரே ஃபேஸ் வரிசை. கேபிள் ட்ரேயில் கண்ணால் பின்தொடர்ந்தது ஒரு சான்று. இன்னொரு சான்று யுபிஎஸ்ஸின் திரை. அதில் பைபாஸ் உள்ளீட்டு மின்னழுத்தத்தைத் தனியாகக் காட்டும் பக்கம் உண்டு. நிறுவனத்தின் ஐடி ஆளிடம் சொல்லி, பேட்டரி முழு சார்ஜில் இருப்பதையும் இன்வெர்ட்டர் வழக்கமாக ஓடுவதையும் பார்த்துவிட்டு, அண்ணன் மூன்றாம் மாடியில் அந்த 'ஸ்பேர்' பிரேக்கரை இறக்கினார். மேலே நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைபாஸ் மின்னழுத்தம் மூன்று ஃபேஸிலும் சுழியமானது, யுபிஎஸ் பைபாஸ் இல்லை என்று கத்தியது, லோடு ஆடாமல் ஓடியது. மறுபடி ஏற்றச் சொன்னேன், எச்சரிக்கை அடங்கியது. இந்தச் சோதனைக்கு ஒரு விலை உண்டு: அந்த நிமிடத்தில் இன்வெர்ட்டர் கெட்டுப்போனால் லோடு விழும். அதனால்தான் ஐடி ஆளின் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது. இன்வெர்ட்டர் ஓடாமல் லோடு ஏற்கெனவே பைபாஸில் நிற்கும் யுபிஎஸ்ஸில் இதைச் செய்யவே கூடாது.

இப்போது பழைய தீர்ப்பு தலைகீழாகிறது. டேப் ஆஃபை இறக்கினால் ரெக்டிஃபையர் சாகும், யுபிஎஸ் பேட்டரிக்குப் போகும். பேட்டரி தீர்ந்ததும் சாகாது; மூன்றாம் மாடியிலிருந்து வரும் பைபாஸுக்கு மாறி, லோடை ஓட்டிக்கொண்டே இருக்கும். 'அரை மணி நேரம் காத்திருந்தால் பேட்டரி இறங்கிவிடும், பிறகு வேலை செய்யலாம்' என்று நினைப்பவருக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் யுபிஎஸ் டிபி உயிரோடுதான் இருக்கும்.

யுபிஎஸ் டிபியில் உயிர் இருந்தால் நமக்கென்ன, நாம் வேலை செய்வது மாடிப் பேனலில்தானே என்று கேட்கலாம். படத்தில் அவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள்தான். மாடிப் பேனலின் கதவைத் திறந்தபோது இரண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. மேல் அறையில் இன்கமரும் பஸ்பாரும், கீழ் அறையில் யுபிஎஸ் வெளியீட்டுப் பிரேக்கர்கள், நடுவே ஒரு மெல்லிய தகடு, அதிலும் கேபிள் விடுவதற்காக வெட்டிய துளை. எஸ்எல்டி மின் உறவைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. காகிதத்தில் ஒரு முழம் தள்ளி இருப்பது நேரில் உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்மை: காகிதத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு பிரேக்கர்கள் இரண்டு மாடி தள்ளி இருக்கலாம்.

நியூட்ரலும் என் கவலையில் இருந்தது. யுபிஎஸ் வெளியீட்டின் நியூட்ரலும் மாடிப் பேனலின் நியூட்ரலும் எங்கேயாவது ஒரே பட்டையில் சேர்ந்திருக்கின்றனவா என்பதை ஒற்றைக் கோட்டுப் படம் காட்டாது. சேர்ந்திருந்தால், இன்கமரின் நியூட்ரலைக் கழற்றும்போது யுபிஎஸ் லோடின் நியூட்ரல் கரண்ட் நம் கையிலுள்ள கம்பியைத் தேடி வரும். அதோடு, யுபிஎஸ்ஸுக்குள் தனி ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால் அதன் வெளியீட்டு நியூட்ரல், உள்ளீட்டு நியூட்ரலின் வழியாகத்தான் எர்த்தோடு உறவு கொண்டிருக்கும். இரண்டு உள்ளீட்டு பிரேக்கர்களும் 4 போல் என்பதால், இரண்டையும் இறக்கிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டால் அந்த உறவு அறுந்து நியூட்ரல் மிதக்கும். கம்ப்யூட்டர் லோடுகளுக்கு அது நல்லதல்ல.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது யுபிஎஸ்ஸை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்யலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது என் முடிவு. நிறுவனத்தார் முதலில் முகம் சுளித்தார்கள்; நெட்வொர்க் சுவிட்சுகள் மட்டுமாவது ஓட வேண்டும் என்றார்கள். பேனல் கதவைத் திறந்து அந்தத் தகட்டுத் துளையைக் காட்டியதும் ஞாயிற்றுக்கிழமை காலை முழு ஷட்டவுனுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அன்று செய்த வரிசை இது. ஐடி ஆள் தன் கருவிகளை முறையாக அணைத்தார். பிறகு யுபிஎஸ் வெளியீட்டுப் பிரேக்கர்களை இறக்கி, யுபிஎஸ்ஸை அதன் திரையிலிருந்தே நிறுத்தினோம். பேட்டரி ஐசொலேட்டரைத் திறந்தோம். 32 பேட்டரிகள் தொடராக, 384 வோல்ட் டிசி. யுபிஎஸ் நின்றாலும் பேட்டரி முனையில் அது நிற்கும், அதைத் தொடவில்லை. மூன்றாம் மாடியின் 'ஸ்பேர்' பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டோம். பைபாஸ் சுவிட்சின் தைரிஸ்டர் ஷார்ட்டாகியிருந்தால் இன்வெர்ட்டரிலிருந்து பைபாஸ் கேபிளுக்குப் பின்னோக்கி மின்சாரம் வரும் ஆபத்தும் உண்டு. யுபிஎஸ் பாதுகாப்புத் தரமான ஐஇசி 62040-1 இதற்கெனவே தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் கேட்கிறது. மூன்றாம் மாடியில் அந்தப் பலகை இல்லை. இருந்திருந்தால் 'ஸ்பேர்' என்ற பட்டையை யாரும் நம்பியிருக்க முடியாது.

அடுத்து நான்காம் மாடியின் வெளிச்செல்லும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி, இன்கமரை இறக்கி, கடைசியாக டேப் ஆஃப் பிரேக்கரை இறக்கினோம். லோடை முதலில் கழற்றியதால் டேப் ஆஃப் பிரேக்கர் லோடு இல்லாமலே திறந்தது. அதற்கும் பூட்டு. இரண்டு பூட்டின் சாவியும் அண்ணன் சட்டைப் பையில். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற அட்டையும் தொங்கியது.

பிறகு அளவு. வோல்ட் மீட்டரை முதலில் உயிருள்ள ஒரு சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தோம். அப்புறம் இன்கமரின் மேல் முனைகளில் பத்து அளவுகள்: ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே மூன்று, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. கீழ் முனைகளிலும் அதே பத்து. கீழ் அறையின் யுபிஎஸ் பஸ்ஸிலும் அதே பத்து. மீட்டரை மறுபடி உயிருள்ள சாக்கெட்டில் சரிபார்த்தோம். அளக்கும் நடுவில் மீட்டரோ அதன் லீடோ பழுதாகியிருந்தால் எல்லாமே சுழியம் காட்டும். கடைசிச் சரிபார்ப்பு அதற்காகத்தான். கம்பியில்லா டெஸ்டர் பேனாவை அண்ணன் பையிலிருந்து எடுத்தார், எடுத்த வேகத்தில் திரும்ப வைத்துவிட்டார். அது உயிர் இருப்பதைச் சொல்லும் கருவி, உயிர் இல்லை என்று உறுதி சொல்லும் கருவி அல்ல.

பிரேக்கரை மாற்றியதில் சொல்ல அதிகமில்லை. ஒய் ஃபேஸ் லக்கின் கிரிம்ப் தளர்ந்திருந்தது, கேபிளின் நுனியை வெட்டிப் புதிய லக் போட்டோம், தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கினோம். ஃபேஸ் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டோம். இங்கே அது வழக்கத்தைவிட முக்கியம். இன்கமரில் இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் ரெக்டிஃபையருக்கு வரும் வரிசை ஒன்றாகவும், மூன்றாம் மாடியிலிருந்து பைபாஸுக்கு வரும் வரிசை வேறாகவும் இருக்கும். பல யுபிஎஸ்கள் அந்த நிலையில் ஃபேஸ் வரிசைப் பிழை காட்டிக் கிளம்பவே மறுக்கும். திரும்ப ஏற்றும்போது வரிசை தலைகீழ்: டேப் ஆஃப், இன்கமர், யுபிஎஸ்ஸுக்கான பிரேக்கர், மூன்றாம் மாடி பைபாஸ், பேட்டரி, யுபிஎஸ், பிறகு மற்ற லோடுகள் ஒவ்வொன்றாக. மாலையில் லோடு ஏறியபின் தெர்மல் கேமராவில் மூன்று ஃபேஸும் ஒரே நிறத்தில் இருந்தன.

மறுநாள் எஸ்எல்டியில் சிவப்பு மையில் மூன்று திருத்தம் போட்டோம். யுபிஎஸ் சதுரத்துக்குள் இரண்டாவது கோடு, அது மூன்றாம் மாடிப் பேனலின் 63 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து வருகிறது என்ற குறிப்புடன். மாடிப் பேனலையும் யுபிஎஸ் டிபியையும் சுற்றி ஒரு புள்ளிக்கோட்டுச் சதுரம், இரண்டும் ஒரே பெட்டி என்பதற்கு. திருத்தப் பட்டியலில் தேதியும் பெயரும். மூன்றாம் மாடியில் 'ஸ்பேர்' பட்டையை உரித்துவிட்டு 'நான்காம் மாடி யுபிஎஸ் பைபாஸ், பின்னோக்கி மின்சாரம் வரலாம்' என்று ஒட்டினோம்.

மேலாளர் மற்ற மாடிகளிலும் 'ஸ்பேர்' பட்டையோடு ஆன் நிலையில் இருக்கும் பிரேக்கர்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் ஒன்று, ஐந்தாம் மாடியில் ஒன்று. இரண்டாம் மாடியில் இருந்தது உண்மையிலேயே ஸ்பேர், கீழ் முனையில் கேபிளே இல்லை. அதை ஆஃப் செய்து வைத்தோம். ஐந்தாம் மாடியில் இருந்ததிலிருந்து ஒரு கேபிள் மொட்டைமாடிக்கு ஏறுகிறது. அது செல்போன் கோபுரத்தின் ஒரு பெட்டிக்குள் போகிறது, அந்தப் பெட்டியின் சாவி கோபுர நிறுவனத்திடம் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் வரை அந்தப் பிரேக்கரை யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். படத்திலும் அந்தக் கோட்டின் முனையில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறிதான் போட்டிருக்கிறோம்.